கேள்விக் குவியலைப் பிரித்து அடுக்குவது எப்படி: வாக்காளர் பட்டியலை வைத்து ஒரு செய்முறை

குடியிருப்போர் சங்கமோ நூலக வாசகர் வட்டமோ வாக்காளர் பட்டியல் உதவி மேசை ஒன்றைப் போட்டால், ஓரிரு வாரங்களில் ஒரு நீளமான கோப்பு சேர்ந்துவிடும். யார் என்ன கேட்டாலும் எழுதி, யாருக்குப் பதில் தெரிந்ததோ அவர் பக்கத்திலேயே பதிலையும் எழுதிவைத்த கோப்பு. தகவல் எல்லாம் அதில் இருக்கும். தேடினால் மட்டும் எதுவும் கிடைக்காது. அந்தக் கோப்பை, ஒருவர் வந்து அரை நிமிடத்தில் தன் பதிலை எடுத்துக்கொண்டு போகும்படி மாற்றுவதுதான் நம் வேலை.

அந்தக் கோப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1. 18 வயசு ஆயிடுச்சு, கார்டு எங்க வாங்கணும்?
2. ஓட்டர் ஐடி தொலைஞ்சு போச்சு.
3. மதுரையில இருந்து கோயம்புத்தூர் வந்துட்டோம். புதுசா படிவம் 6 போடலாமா?
4. ஒரே தொகுதிக்குள்ள வீடு மாறினா படிவம் 8ஏ எங்க கிடைக்கும்?
5. அப்பா இறந்துட்டாரு, பேர் இன்னும் லிஸ்ட்ல இருக்கு.
6. கார்டு இருக்கு, ஆனா போன தேர்தல்ல பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.
7. பேர்ல எழுத்துப்பிழை, அப்படியே அட்ரஸும் மாத்தணும்.
8. ஹாஸ்டல்ல படிக்கிற பொண்ணுக்கு எங்க பேர் சேர்க்கணும்?
9. துபாய்ல இருக்கிற தம்பி ஓட்டுப் போட முடியுமா?
10. விண்ணப்பத்தை நிராகரிச்சுட்டாங்க.
11. ஆகஸ்ட்ல 18 ஆகுது, ஜனவரி வரைக்கும் காத்திருக்கணுமா?
12. கார்டு இல்லாம ஆதார் வச்சு ஓட்டுப் போடலாமா?
13. ரெண்டு ஊர்லயும் பேர் இருக்கு, தப்பா?

உங்கள் கோப்பு இதைப்போலப் பத்து மடங்கு இருக்கலாம். செய்முறை ஒன்றுதான்.

முதல் படி: ஒரு வரிக்கு ஒரு கேள்வி

எக்செல், கூகுள் ஷீட் எதுவானாலும் சரி, ஒரு ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு கேள்வியையும் தனி வரியில் போடுங்கள். கேட்டவரின் சொற்களைத் திருத்த வேண்டாம். ‘ஓட்டர் ஐடி தொலைஞ்சு போச்சு’ என்பதை ‘வாக்காளர் அடையாள அட்டை இழப்பு’ என்று இப்போதே மாற்றிவிட்டால், மக்கள் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடி வருகிறார்கள் என்பது தொலைந்துவிடும். தலைப்பு எழுதும்போது அந்தச் சொல் வேண்டும்.

ஏழாம் எண்ணைப் போன்ற இரட்டைக் கேள்விகளைப் பிரித்து 7அ, 7ஆ என்று எண்ணிடுங்கள். இரண்டுக்கும் ஒரே படிவம்தான் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றோடுதான் வருவார்கள்.

கேள்விக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போதும். கேட்பவர் என்ன நிலையில் இருக்கிறார், பதில் எங்கிருந்து வந்தது, அதை எப்போது சரிபார்த்தோம். பழைய பதிலை ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அப்படியே பயன்படுத்த முடியும் என்று எண்ண வேண்டாம். காரணம் அடுத்த படியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பதில் ஒன்றானால் கேள்வியும் ஒன்று

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் சொற்களைப் பார்த்துக் கேள்விகளைச் சேர்ப்பார்கள். ‘கார்டு’, ‘ஓட்டர் ஐடி’ என்று வந்ததெல்லாம் ஒரு பக்கம், ‘முகவரி’ என்று வந்ததெல்லாம் இன்னொரு பக்கம். இப்படிச் செய்தால் 1, 2, 6, 12 ஆகிய நான்கும் ஒரே குவியலில் விழும். நான்கிலும் கார்டு வருகிறது, ஆனால் பதில்கள் நான்கு. முதலாமவர் படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்க்க வேண்டும். இரண்டாமவருக்குப் பெயர் இருக்கிறது, அவர் மாற்று அட்டைக்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும். ஆறாமவரிடம் அட்டை இருக்கிறது, பெயர்தான் இல்லை. பன்னிரண்டாமவருக்குப் படிவமே தேவையில்லை. பட்டியலில் பெயர் இருந்தால், ஆதார் உட்பட தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறொரு புகைப்பட அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, 3, 4, 7அ, 7ஆ நான்கும் வெவ்வேறு சொற்களில் இருக்கின்றன. ஒன்றில் தொகுதி மாறுகிறது, ஒன்றில் மாறவில்லை, ஒன்று எழுத்துப்பிழை. விடை எல்லாவற்றுக்கும் படிவம் 8. ஆகவே சேர்க்கலாமா என்று சந்தேகம் வந்தால் கேள்விகளை ஒப்பிட வேண்டாம். இரண்டுக்கும் பதிலை ஒரு வரியில் எழுதி, அந்த வரிகளை ஒப்பிடுங்கள். செய்ய வேண்டிய செயலும் அதற்கான நிபந்தனையும் ஒன்றாக இருந்தால் சேர்த்துவிடலாம். செயல் ஒன்றாக இருந்து இணைக்க வேண்டிய சான்று மட்டும் வேறானால், ஒரே பதிலுக்குள் இரண்டு வரிகள் போதும்.

சேர்க்கும்போதுதான் முரண்பாடு வெளியே வரும். மூன்றாம் கேள்விக்கு யாரோ ஒருவர் ‘ஆமாம், படிவம் 6 போடுங்கள்’ என்றும், நான்காவதற்கு ‘படிவம் 8ஏ’ என்றும் எழுதியிருப்பார். இரண்டும் ஒரு காலத்தில் சரி. 2022 ஆகஸ்ட் வரை தொகுதி விட்டுத் தொகுதி மாறினால் படிவம் 6, ஒரே தொகுதிக்குள் மாறினால் 8ஏ என்றுதான் இருந்தது. அதன் பிறகு 8ஏ இல்லை. படிவம் 6 முதல் முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். வீடு மாற்றம், விவரத் திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைச் சேர்த்தல் ஆகிய நான்கும் படிவம் 8க்குள் வந்துவிட்டன.

பழைய பதிலை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும்? கோவைக்குக் குடிவந்தவர் படிவம் 6 நிரப்புவார். அதில் ‘முதல் முறையாக விண்ணப்பிக்கிறேன், என் பெயர் வேறு எந்தத் தொகுதியிலும் இல்லை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. மதுரையில் பெயர் இருக்கும்போது அதில் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நடைமுறையில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், அல்லது இரண்டு ஊரிலும் பெயர் ஏறிவிடலாம். பதின்மூன்றாம் கேள்வி பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது.

அதனால் ‘ஆதாரம்’, ‘சரிபார்த்த தேதி’ என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விடக்கூடாது. ஆணையத்தின் `voters.eci.gov.in` தளத்தில் இருக்கும் இன்றைய படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தேதி போட வேண்டும். படிவத்தின் தலைப்பிலேயே அது எதற்கு என்று எழுதியிருக்கும்.

மூன்றாம் படி: கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிப்பது

‘படிவம் 6 பற்றிய கேள்விகள்’, ‘படிவம் 7 பற்றிய கேள்விகள்’, ‘படிவம் 8 பற்றிய கேள்விகள்’ என்று பிரிக்கக் கை துடிக்கும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இந்தப் பிரிப்பு அலுவலகத்துக்குத்தான் உதவும். வருபவருக்குப் படிவ எண் தெரிந்திருந்தால் பாதிக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

அவருக்குத் தெரிந்தது தன் நிலை மட்டும்தான். இன்னும் பதியவில்லை, பதிந்திருக்கிறேன் ஆனால் ஏதோ மாறிவிட்டது, வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார், நாளைக்கு வாக்குப்பதிவு. குழுத் தலைப்புகளை இந்த நிலைகளிலிருந்தே எடுங்கள். நம் கேள்விகளுக்கு வருபவை இவை:

- பட்டியலும் அட்டையும்: முதலில் இது
- முதல் முறையாகப் பெயர் சேர்க்க
- பெயர் இருக்கிறது, விவரம் மாற வேண்டும்
- இறந்தவர் பெயரை நீக்க
- வாக்களிக்கும் நாளில்
- சிக்கலான நிலைகள்

‘மற்றவை’ என்று ஒரு குழு வைக்காதீர்கள். வைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ‘சிக்கலான நிலைகள்’ என்பதும் கொஞ்சம் அந்த வாடை அடிக்கும் தலைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இங்கே அதில் வருபவை மூன்றே மூன்று என்பதால் விட்டிருக்கிறேன். ஏழெட்டு ஆனால் ‘வெளிநாட்டில் இருப்பவர்கள்’, ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்’ என்று பிரித்துவிட வேண்டும். மறுபக்கம், நீக்கும் குழுவில் ஒரு கேள்விதான் இருக்கிறது. ஒரே கேள்விக்கு ஒரு குழுவா என்று தோன்றலாம். துக்க வீட்டிலிருந்து வருபவர் ‘விவரம் மாற வேண்டும்’ என்ற தலைப்புக்குக் கீழே தேடமாட்டார். அதனால் அது தனியாக இருக்கட்டும்.

நான்காம் படி: அடிப்படையிலிருந்து மேலே

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘எளிது’, ‘கடினம்’ என்று மனத்துக்குத் தோன்றியபடி அடுக்கினால் ஆளுக்கு ஒரு வரிசை வரும். இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிலையும் எடுத்து, ‘இது புரிய வேண்டுமானால் வேறு எதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். அந்த வேறொன்றின் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். யாருடைய எண் பலருக்குப் பக்கத்தில் வருகிறதோ அது மேலே போக வேண்டும்.

இப்படிக் குறித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆறாம் கேள்வி, அதாவது ‘கார்டு இருக்கு, பேர் இல்லை’ என்பது, பார்வைக்குச் சிக்கலான வழக்குப் போல இருக்கிறது. கடைசியில் தள்ளத்தான் தோன்றும். ஆனால் அதன் பதிலில் இருக்கும் செய்தி இதுதான்: வாக்களிக்கும் உரிமை பட்டியலில் உள்ள பெயரால் வருகிறது, அட்டை ஆளை அடையாளம் காட்ட மட்டும். இது தெரியாமல் இரண்டாம் கேள்வியின் பதிலும் புரியாது, பன்னிரண்டாவதும் புரியாது, பதின்மூன்றாவதும் புரியாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான். ஆகவே அது முதல் கேள்வி. அதற்கு அடுத்து ‘என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?’ இது யாரும் கேட்காத கேள்வி, ஆனால் பாதிப் பதில்கள் ‘முதலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்றே தொடங்கும். குவியலில் இல்லாததால் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்: `electoralsearch.eci.gov.in` தளத்தில் அட்டை எண்ணைக் கொண்டோ, பெயர் விவரங்களைக் கொண்டோ தேடலாம். இணையம் இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

குழுவுக்குள்ளும் இதே விதிதான். முதல் முறை சேர்ப்பவர்கள் குழுவில் 1, 11, 8 என்று வரும். 18 வயது ஆனவர் என்ன செய்ய வேண்டும் என்பது முதலில். தகுதி நாள்கள் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு என்பது அடுத்தது. ஆகஸ்ட்டில் 18 ஆகிறவர் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 அவருடைய நாள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம். விடுதி மாணவி பற்றியது மூன்றாவது. பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதியலாம், ஆனால் இரண்டில் ஒன்றில்தான். இந்தக் கடைசித் துண்டு புரிய, ஒருவருக்கு ஓர் இடம் என்ற விதி மேலே வந்திருக்க வேண்டும்.

கேள்விகளுக்கிடையே இப்படிச் சார்பு எதுவும் இல்லாவிட்டால், அதிகம் பேர் கேட்டதை மேலே போடுங்கள். இரண்டு விதிகளும் மோதினால் சார்புதான் வெல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஒரு விதிவிலக்கு வாக்களிக்கும் நாள். அன்று காலையில் வருபவர் அடிப்படையிலிருந்து படிக்க மாட்டார். குழு ஐந்தாவதாகவே இருக்கட்டும், ஆனால் பக்கத்தின் உச்சியில் ‘இன்று வாக்குப்பதிவா? இங்கே போங்கள்’ என்று ஒரு வரி கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பதிலைச் சுருக்குவது

குவியலில் மூன்றாம் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> வாக்காளர்கள் தங்கள் வசிப்பிடத்தை மாற்றிக்கொள்ளும் நேர்வுகளில், 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் செய்யப்பட்ட திருத்தங்களுக்கிணங்க, உரிய படிவத்தில் தேவையான சான்றாவணங்களுடன் சம்பந்தப்பட்ட வாக்காளர் பதிவு அலுவலருக்கு விண்ணப்பிக்கும் பட்சத்தில், புதிதாகப் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டிய அவசியமில்லை.

பதில் கடைசிச் சொல்லில் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவதால், நீளமான வாக்கியம் எழுதினால் ஆமாம், இல்லை என்பது எப்போதும் வால் பக்கம் போய்விடும். கண்ணை ஓட்டிப் படிப்பவர் அதுவரை வரமாட்டார். அதற்கு எளிய மருந்து, முடிவை ஒற்றைச் சொல் வாக்கியமாக முதலில் வைத்துவிடுவது:

> வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டோம். புதிதாகப் பதிய வேண்டுமா?
> வேண்டாம். படிவம் 8 போதும்.
> ஒரே தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும் இதே படிவம்தான்.
> புது முகவரிக்கான சான்று ஒன்றை இணையுங்கள்.
> படிவம் 6 போடாதீர்கள். அது முதல் முறை பதிபவர்களுக்கு மட்டும்.

முதல் வரி முடிவு, இரண்டாவது எல்லை, மூன்றாவது செய்ய வேண்டியது, நான்காவது பலரும் செய்யும் தவறு. எல்லாப் பதிலுக்கும் நான்கும் தேவைப்படாது. பன்னிரண்டாம் கேள்விக்கு ‘போடலாம், பட்டியலில் பெயர் இருந்தால். வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் காட்டினால் போதாது’ என்றால் முடிந்தது. ஒரு பதில் ஐம்பது, அறுபது சொற்களைத் தாண்டினால் அதற்குள் இரண்டாவது கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும். தேடி எடுத்துத் தனியே வையுங்கள்.

சுருக்குகிறேன் என்று நிபந்தனையை வெட்டிவிடக் கூடாது. துபாய் தம்பிக்கு ‘முடியும், படிவம் 6ஏ’ என்று மட்டும் எழுதினால், அவர் அங்கேயே இருந்தபடி வாக்களிக்கலாம் என்று எண்ணிக்கொள்வார். இந்தியக் குடியுரிமை இருக்க வேண்டும், கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில்தான் பெயர் சேரும், கடவுச்சீட்டோடு நேரில் வந்து வாக்களிக்க வேண்டும். மூன்றும் இல்லாமல் அந்தப் பதில் அரைகுறை. நிராகரிக்கப்பட்டவருக்கும் அப்படித்தான். மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதோடு 15 நாள் என்பதும் சேர்ந்தால்தான் அது பதில். ஆட்சியரின் முடிவிலும் நிறைவில்லாவிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம் என்பதை அடுத்த வரியில் சேர்க்கலாம். நாள் கணக்கு, ‘மட்டும்’, ‘நேரில்’ ஆகியவற்றைக் கடைசிவரை வெட்டாதீர்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று. குவியலில் ஓட்டர் ஐடி, கார்டு, எபிக், வாக்காளர் அட்டை எல்லாம் ஒரே பொருள். கேள்வித் தலைப்பில் மக்கள் சொல்லும் சொல்லை விடுங்கள். பதிலுக்குள் ‘வாக்காளர் அட்டை’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். படிவத்தில் அச்சாகியிருக்கும் பெயர் வேறாக இருந்தால் முதல் குழுவில் ஒரே ஒரு முறை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

ஆறாம் படி: தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது

உதவி மேசையில் உட்காராத ஒருவரைப் பிடியுங்கள். ‘உங்கள் அட்டை தொலைந்துவிட்டது, நாளைக்கு வாக்குப்பதிவு, என்ன செய்வீர்கள்?’ என்று நிலையை மட்டும் சொல்லிப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். வாயைத் திறக்காமல் அவர் எந்தத் தலைப்புக்கு முதலில் போகிறார் என்று கவனியுங்கள். அவர் அநேகமாக ‘விவரம் மாற வேண்டும்’ குழுவுக்குப் போய், தொலைந்த அட்டைக்குப் படிவம் 8 என்று படித்துவிட்டு, நாளைக்குள் அட்டை வராதே என்று நின்றுவிடுவார். பதில் தவறில்லை, அவருடைய அவசரத்துக்கு அது உதவவில்லை. அந்த இடத்திலேயே ‘வாக்குப்பதிவு நெருங்கிவிட்டதா? வேறு அடையாள ஆவணம் போதும், 12ஐப் பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பதிலை இரண்டு இடத்தில் நகலெடுக்காதீர்கள். விதி மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். 8ஏ பிழைகள் நிலைத்து நிற்பது அப்படித்தான்.

கடைசியாக, காலத்தோடு காலாவதியாகும் கேள்விகள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, கணக்கீட்டுப் படிவம் பற்றி ஏராளமான கேள்விகள் எழுந்தன. அவை அந்தத் திருத்தத்துக்கு மட்டும் உரியவை. இப்படிப்பட்டவற்றை நிலையான குழுக்களுக்குள் கலக்காமல், மேலே தேதி போட்ட தனிப் பெட்டியில் வையுங்கள். காலம் முடிந்ததும் பெட்டியை அப்படியே எடுத்துவிடலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகும் ஒரு பெட்டி வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் பெயர் ஏறாது என்பதைத் தேதியோடு அதில் எழுதுங்கள்.

பழைய ஷீட்டை அழிக்க வேண்டாம். புதிதாக ஒரு கேள்வி வந்தால் முதலில் அதை அந்த ஷீட்டில் போட்டு, பதிலை ஒரு வரியில் எழுதி, ஏற்கனவே உள்ள பதில்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், அந்தக் கேள்வித் தலைப்பில் புதியவர் பயன்படுத்திய சொல்லைச் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால் மட்டும் பக்கத்தில் புதுக் கேள்வி.